கன்னத்தில் ஒரு துகள்

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு நங்கூர மாதாவின் முகத்தில் கத்தி வைக்கக் கை வராது. டெனிஷாவுக்கும் வரவில்லை. பக்தியென்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்தி ஒரு கிழவனின் வாழ்நாள் மானத்தைத் தின்றுவிட்டது என்பதால், அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

டெனிஷா செய்கிற வேலை என்னவென்று அவளுடைய அம்மா றோஸிக்கே இன்னும் சரியாகத் தெரியாது. "லேப்பில வேலை" என்று மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் டெனிஷா ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்வீட்டுக்கு வந்தால் நாலு பேர் தங்கள் சீனி வருத்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். உண்மையில் அவள் படிப்பது சுவர்களின் ரிப்போர்ட். பழைய கோயில்களிலும் விகாரைகளிலும் பிரபுக்களின் பழைய வளவு வீடுகளிலும் உள்ள சுவரோவியங்களிலிருந்து சீனித் துகளிலும் சிறிய ஒரு பொருக்கை எடுத்து, அதில் எத்தனை பூச்சு இருக்கிறது, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது, எந்தப் பூச்சில் என்ன நிறப்பொருள் என்று சொல்வாள். இரசாயனம் படித்துவிட்டு முதலில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் தரம் பார்த்தவள். இப்போது வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பொன்றுக்கு மேல்மாடியில் இருக்கும் சிறிய ஆய்வுகூடத்தில் வேலை. கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள், மேலே இவள் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பாள்.

நங்கூர மாதா சிற்றாலயம் துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரே ஓவியம். கீழே கடல், கடலில் வள்ளங்கள், நடுவில் பெரிய நங்கூரத்தின் மேல் மாதா. நூற்றுமுப்பது வருடத்துக்குக் கிட்டவாக, காய்ந்த சுண்ணச் சாந்தின் மேல் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டியது. தீட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவர்கள் நாற்பதாம் நாள் வந்து, விளக்கு எண்ணெயை விரலில் தொட்டுச் சுவரின் அடியில் ஒற்றி, பிறகு குழந்தையின் நெற்றியில் வைப்பார்கள். டெனிஷாவின் நெற்றியிலும் அந்த எண்ணெய் பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எரிந்த விளக்குகளின் கரி ஓவியத்தின் மேல் படிந்து, மாதா இப்போது மழை இருட்டில் நிற்பவள் போலத் தெரிகிறாள்.

அந்தச் சுவரில் தூரிகை வைத்ததாக ஊரறிந்த ஆள் ஒருவர்தான். பேர்னாட். பெயர்ப்பலகை எழுதுகிறவர். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் ஒரு காலத்தில் எந்தச் சட்டத்தரணியின் கதவைப் பார்த்தாலும் பலகையின் மூலையில் அவருடைய சின்னக் கையெழுத்து இருக்கும். எழுபத்தெட்டாம் ஆண்டு கூரை ஒழுகி ஓவியத்தின் கீழ்ப்பகுதி உரிந்தபோது, அப்போதிருந்த பாதர் அவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். பேர்னாட் உபவாசமிருந்து அந்த வேலையைச் செய்தார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்:

"கடல் என்ர. வள்ளம் என்ர. முகம் என்ர இல்லை. முகத்தில நான் தூரிகை வைக்கேல்லை."

கேட்காதவர்களுக்கும் சொல்வார். கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். சிலர் அவர் திரும்பியதும் கண்ணடித்துச் சிரிப்பார்கள். முகம் கொஞ்சம் வேறு கைபோலத் தெரிகிறதே என்று ஒரு முணுமுணுப்பு எப்போதும் இருந்தது. இருந்தாலும் ஒரு மனிதன் நாற்பத்தைந்து வருடமாக ஒரே பேச்சைப் பேசினால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடும். வருடா வருடம் திருநாள் கொடியில் நங்கூரம் வரைவது அவர்தான்.

ஓவியத்தைத் துப்புரவாக்கிப் பேணுவதென்று கோயில் கமிட்டி முடிவெடுத்து, ஆய்வுக்கு டெனிஷாவின் கூடத்தை அழைத்தபோது, ஓவியத்தில் வேலை செய்தவரிடம் விசாரிக்க வேண்டியது முறை என்பதால் அவள் பேர்னாட்டையும் கண்டு கதைத்தாள்.

"அங்கிள், முகத்தில கை வைச்சனீங்களா?"

"இல்லை பிள்ளை."

அவள் கேட்டது அவ்வளவுதான். வேறெங்கே வைத்தீர்கள் என்று விவரமாகக் கேட்கவில்லை. அவரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

அடுத்த நாள் சாரக்கட்டில் ஏறினாள். தலையில் பூதக்கண்ணாடிப் பட்டி, கையில் அறுவைக் கத்தி. கடலில் எடுத்தாள், வள்ளத்தில் எடுத்தாள், நீல அங்கியின் மடிப்பில் எடுத்தாள், நங்கூரத்தில் எடுத்தாள். கத்தி முனையால் மெல்ல நெம்பினால் பொருக்கு எழும்பும். அதை ஈரத் தூரிகை நுனியில் ஒட்டிச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு, இடத்தைப் படத்தில் குறிப்பாள். பிறகு ஏணியில் இன்னும் ஒரு படி ஏறினாள். மாதாவின் முகம் அவளுடைய முகத்துக்கு நேரே வந்தது.

சின்ன வயதில் பூசை நேரத்தில் குழப்படி செய்தால் அம்மா காதுக்குள், "மாதா உன்னைத்தான் பாக்கிறா" என்பாள். அந்தக் கண்கள் இப்போது ஒரு முழத் தூரத்தில். டெனிஷா கத்தியைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள், கீழே இறக்கினாள். மறுபடி கொண்டுபோனாள். கை கூசியது. தாடைக்குக் கீழே கழுத்திலிருந்து மேலேறும் ஒரு பழைய வெடிப்பு கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் பூச்சு ஏற்கெனவே எழும்பி நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அங்கிருந்து ஒரு துகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இதில் பிழை என்ன என்று யாரும் கேட்கலாம். ஏற்கெனவே சேதமான ஓரத்திலிருந்து எடு, நல்ல இடத்தைக் காயப்படுத்தாதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அதன் மற்றப் பாதியைத்தான் அவள் வசதியாக மறந்தாள். வெடிப்பின் ஓரம் என்பது பின்னால் வந்து திருத்துகிறவனின் தூரிகையும் படுகிற இடம். வெடிப்பை அடைக்கிறவன் அந்த ஓரத்தில் கொஞ்சம் ஏறிப் பூசியே தீருவான். ஓரத்துத் துகள் ஓரத்தின் கதையைத்தான் சொல்லும். முழு முகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வெடிப்பில்லாத இடத்திலிருந்தும் ஒன்று வேண்டும். இதை அவள் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள். அதுதான் வெட்கம்.

ஆய்வுகூடத்தில் துகளைச் சிறிய அச்சில் வைத்துத் தெளிவான றெசின் ஊற்றினாள். இறுகிய பிறகு, துகளின் குறுக்குவெட்டு முகம் தெரியும்வரை தேய்த்து, மேலும் மேலும் மென்மையான தாளில் மெருகூட்டினாள். நுணுக்குக்காட்டியில் வைத்தபோது அடுக்குகள் கேக் வெட்டினதுபோலத் தெரிந்தன. அடியில் தடித்த வெள்ளை, அதன் மேல் இளஞ்சிவப்பு, அதன் மேல் மெல்லிய கரிக்கோடு. கரிக்கோட்டுக்கும் மேலே இன்னொரு இளஞ்சிவப்பு, கடைசியில் மறுபடியும் கரி.

நடுவில் கரி இருந்தால் அதன் பொருள் ஒன்றுதான். கீழிருக்கும் பூச்சு நெடுங்காலம் விளக்குப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகுதான் மேற்பூச்சு வந்தது. கழியூதா எனும் அல்ட்ராவயலட் ஒளியில் பார்த்தாள். இரண்டு இளஞ்சிவப்பும் வேறு வேறாக ஒளிர்ந்தன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் மூலகங்களைப் பார்க்கத் துகளைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பினாள். கீழ்ப்பூச்சில் ஈயமும் கொஞ்சம் பாதரசமும் வந்தன, அதாவது ஈய வெள்ளையும் சாதிலிங்கச் சிவப்பும். பழைய ஓவியனின் கைப்பொருள்கள் அவை. மேற்பூச்சில் தைற்றேனியம் வந்தது. தைற்றேனியம் வெள்ளை என்பது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. அந்த ஓவியனின் காலத்தில் அப்படியொரு சாயமே கிடையாது. பெயின்ற் தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகப் பார்த்தவளுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கூட வேலை செய்யும் பாஹிம் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். மருதானைக்காரர், அதிகம் பேசாதவர், பேசினால் ஊசி குத்தின மாதிரி இருக்கும்.

"மொகத்துல இந்த ஒண்டு மட்டுமா எடுத்தீங்க?"

"ஓம்."

"இது வெடிப்போரம் தானே. கன்னத்துல ஒண்டு எடுத்தா நல்லம்."

"முழுச் சுவருக்கும் கழியூதா லாம்பு அடிச்சுப் பாத்தனான், பாஹிம். கரியும் எண்ணெயும் மூடி ஒண்டும் தெரியேல்லை. இது தெளிவா இருக்கு. ஏன் சும்மா மாதாவின்ர முகத்தில போய்க் கிண்டுவான்?"

பாஹிம் தோளை அசைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அறிக்கையில் டெனிஷா எழுதினாள்: "முகம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுபூச்சு செய்யப்பட்டுள்ளது." தாடையோரத்து ஒரு புள்ளியில் என்று எழுதியிருக்க வேண்டும். அவள் முகம் என்றே எழுதினாள்.

கோயிலின் இப்போதைய பாதர் கிறிஸ்ரி நல்ல மனிதர், ஆனால் எதையும் சபையில் அறிவித்துவிட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். பூசை முடிவில் அறிவித்தல்களோடு அறிக்கையின் சுருக்கத்தையும் வாசித்தார். முகத்தின் மேலுள்ள பிற்காலப் பூச்சு நீக்கப்பட்டு மாதாவின் பழைய முகம் வெளிக்கொண்டுவரப்படும் என்றார். யாருடைய பெயரையும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. கோயில் முழுவதும் ஒரே நேரத்தில் பேர்னாட் உட்கார்ந்திருந்த மூன்றாவது வாங்கைத் திரும்பிப் பார்த்ததாக றோஸி பிறகு சொன்னாள். பேர்னாட் முன்னாலேயே பார்த்துக்கொண்டு இருந்தாராம். முடிவுப் பாட்டு முடியுமட்டும் இருந்து, பிறகு எழுந்து போனாராம்.

அதன் பிறகு அவர் அந்தக் கோயிலுக்கு வரவில்லை. ஹெந்தளையில் மகள் டில்ஷானி வீட்டோடு போய்விட்டார். கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட, "முகம் என்ர இல்லை" என்று அவருடைய குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்தான். திருநாளுக்கு டிஜிட்டலில் அச்சடித்த கொடி வந்தது. நங்கூரம் பளபளவென்று இருந்தது.

"நாற்பத்தஞ்சு வருசம் எங்களை ஏமாத்திப்போட்டார் மனுசன்" என்றாள் றோஸி. "நீ கண்டுபிடிச்சாய்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் டெனிஷாவுக்குப் பாவமாக இருந்ததோடு, உள்ளே எங்கோ கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊர் இத்தனை காலம் முணுமுணுத்ததை ஒரு துகளை வைத்து அவள் தீர்த்துவிட்டாள் அல்லவா. பிறகு அந்தப் பெருமையை நினைத்துத்தான் அவள் அதிகம் கூசினாள்.

மழைக்காலம் முடிந்ததும் துப்புரவுப் பரிசோதனை தொடங்கியது. முழு வேலைக்கு முன்னால், ஒரு தபால்தலை அளவு இடத்தில் துடைத்துப் பார்ப்பது வழக்கம். இந்தத் தொழிலில் பஞ்சில் உமிழ்நீர் தொட்டுத் துடைப்பவர்கள் உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். மாதாவின் கன்னத்தில் எச்சிலா என்று டெனிஷா ஆய்வுகூடத்தில் கலந்த மென்கரைசல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தாள். பஞ்சை உருட்டினாள். கரி வந்தது. இன்னொரு பஞ்சு. மறுபடியும் கரி. மூன்றாவதில் கரி விட்டுப்போய் இளஞ்சிவப்புத் தெரிந்தது.

பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். அந்த இளஞ்சிவப்பு முழுவதும் மயிரிழை வெடிப்புகள் வலைபோல ஓடியிருந்தன. வெடிப்புகளுக்குள் கரி இறங்கியிருந்தது. நூறு வருடம் சுருங்கி விரிந்த பழைய எண்ணெய்ப் பூச்சின் தோல் அது. அதற்கு மேலே கரி. கரிக்கும் அதற்கும் நடுவில் வேறு பூச்சே இல்லை. அவள் பஞ்சைத் தாடையோரம் வரை உருட்டிக்கொண்டு போனாள். வெடிப்பைத் தொடும் இடத்தில் மட்டும், நெல்மணி அகலத்துக்கு ஒரு வழவழப்பான பட்டி. வெடிப்பை அடைத்தவனின் தூரிகை ஏறி நின்ற இடம். அந்தப் பட்டியில்தான் அவள் துகளை எடுத்திருந்தாள்.

மறுபூச்சு என்று அவள் எழுதியதை நம்பி நீக்கத் தொடங்கியிருந்தால், பழைய ஓவியன் தீட்டிய முகமே நீக்கப்பட்டிருக்கும். அதை நினைத்துச் சாரக்கட்டின் பலகையில் உட்கார்ந்தாள். ஆனால் முகம் தப்பிவிட்டது. தப்பாதவர் ஹெந்தளையில் இருந்தார்.

பாஹிமிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்வார், அதை வாங்கிக்கொண்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

பாதர் கிறிஸ்ரி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"டெனிஷா, முதல்ல மெசினால பாத்துச் சொன்னீங்க. இப்ப கண்ணால பாத்துச் சொல்றீங்க. கமிட்டி என்னைத்தான் கேக்கும். அதே மாதிரி மெசின் ரிப்போர்ட் ஒண்டு வேணும்."

"அப்ப முகத்தில எடுக்கவேணும், பாதர்."

"எடுங்க. முதல்லயே எடுத்திருக்க வேண்டியது தானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓமென்றாள்.

கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று. பேர்னாட்டை நினைத்துக்கொண்டு கத்தி முனையைக் கன்னத்தில் இறக்கினாள். துகள் உப்புக்கல்லில் பாதிகூட இல்லை. கீழே நின்று பார்த்தால் எந்த மனிதக் கண்ணுக்கும் அந்த இடம் தெரியாது. இத்தனை சின்ன விஷயத்துக்கா அன்றைக்குப் பயந்தோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. சாரக்கட்டின் மேலே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கொஞ்சம் அழுதாள். பிறகு மாதா ஒரு முழத் தூரத்தில் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்தினாள்.

முடிவு வந்தது. இரண்டு துகள்களிலும் அடியில் தடித்த வெள்ளை, மேலே ஈயமும் பாதரசமும் கொண்ட இளஞ்சிவப்பு, அதன் மேல் கரி. தைற்றேனியம் எங்குமே இல்லை. முகத்தில் யாரும் தூரிகை வைக்கவில்லை.

அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடலாம் என்றார் பாதர். டெனிஷா சம்மதிக்கவில்லை. வாசிக்கப்பட்ட இடத்திலேயே வாசிக்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, முன்னைய அறிக்கை பிழை, பிழை தன்னுடையது, பேர்னாட் அங்கிள் சொன்னதுதான் உண்மை என்று வாசித்தாள். வாங்குகளில் இருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல், கடைசிவரை தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் சனங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பிழையை ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்றார்கள். ஒரு அன்ரி கன்னத்தைத் தடவினாள். றோஸி பக்கத்தில் பூரித்துப்போய் நின்றாள். பழி விழுந்தது ஒருவர் மேல், பாராட்டு விழுவது தன் மேல் என்று டெனிஷாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ஹெந்தளைக்கு பஸ் ஏறினாள்.

டில்ஷானிதான் கதவைத் திறந்தாள். அவள் முகம் கல்லாக இருந்தது.

"அப்பா உள்ளுக்க இருக்கார். கனநேரம் கதைக்க வேணாம்."

பேர்னாட் யன்னலோரக் கதிரையில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கோபம் ஒன்றும் காட்டவில்லை. "இரு பிள்ளை" என்றார். மகளிடம் பிளேன்ரீ ஊற்றச் சொன்னார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஏசினால் நல்லாயிருக்கும் என்று டெனிஷா நினைத்தாள். ஒரு வாய் தேத்தண்ணியோடு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், நான் பிழை விட்டிட்டன்" என்றாள். "இண்டைக்குக் கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொன்னனான். நீங்க சொன்னதுதான் சரி. முகத்தில நீங்க தொடேல்லை."

"அது எனக்குத் தெரியும் தானே."

"வெடிப்பை அடைச்சது…"

"ஓம், வெடிப்பை அடைச்சனான். தாடைக்குக் கிட்ட வந்ததும் நிப்பாட்டினனான். நீ கேக்கேல்லையே."

பையிலிருந்து பெரிதாக்கிய படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது கன்னத்துத் துகளின் குறுக்குவெட்டு. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பெயர்ப்பலகையைப் பார்ப்பதுபோலத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இது என்ன?"

"அடியில இருக்கிறது முதல் பூசின வெள்ளை. இது மாதாவின்ர நிறம், பழைய ஆள் தீட்டினது. மேல கரி. பாருங்கோ, நடுவில ஒண்டுமே இல்லை. நீங்க தொடேல்லை எண்டதுக்கு இதுதான் சாட்சி. இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

பேர்னாட் இளஞ்சிவப்பு அடுக்கின் மேல் விரலை வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியது. வாழ்நாளில் முதல் தரம் யாரோ அவரை நம்பிவிட்டார்கள் என்று டெனிஷா நினைத்தாள். நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் அசைந்தது. அப்போது அவர் கேட்டார்:

"இது எங்கயிருந்து எடுத்தது?"

"முகத்தில இருந்து."

"முகத்தில எங்க?"

டெனிஷா தன் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, விரலை வைத்துக் காட்டினாள். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தியாலயா?"

"சின்னன் அங்கிள். ஒருத்தருக்கும் தெரியாது. துப்புரவாக்கி முடிய நானே நிறம் தொட்டு மூடிவிடுவன்."

"முதல் தரம் வந்தபோது முகத்தில ஏன் எடுக்கேல்லை?"

"பயமா இருந்தது."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது" என்றார் அவர். "அப்ப இருந்த பாதர் முகத்தையும் கொஞ்சம் பளிச்செண்டு ஆக்கச் சொன்னவர். சாயம் குழைச்சு வைச்சுக்கொண்டு நிண்டனான். கை போகேல்லை. இறங்கிட்டன்."

படத்தை மடியில் வைத்தார். அதன் ஓரங்களைச் சரியாக்குவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தார். டில்ஷானி கோப்பையை எடுக்க வந்து, தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுக்காமல் திரும்பினாள்.

"அப்ப எனக்காகத்தான் கத்தி வைச்சனீ" என்றார் பேர்னாட். "நான் தொடேல்லை எண்டு காட்ட."

டெனிஷா தலையாட்டினாள்.

"நாற்பத்தஞ்சு வருசம் என்ர வாயால சொன்னன் பிள்ளை. அதை நீங்க ஒருத்தரும் எடுக்கேல்லை. மாதாவின்ர கன்னத்தில இருந்துதான் சாட்சி எடுக்கவேண்டி வந்தது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முகத்தில இப்ப எனக்காக ஒரு கீறல் இருக்கு. இனி நான் முகம் என்ர இல்லை எண்டு சொல்ல ஏலாது" என்றார்.

படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள்.